இரண்டு அறை செப்டிக் டேங்க்: செங்கல், சிமெண்ட், சிலாப் கான்கிரீட் கணக்கு எப்படி வருகிறது

"செப்டிக் டேங்க் கட்ட எத்தனை செங்கல் வேண்டும்?" என்று கேட்டால், ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள். ஒருவர் ஆயிரம் என்பார், இன்னொருவர் இரண்டாயிரம் என்பார். இருவரும் தாங்கள் கட்டிய தொட்டியை நினைத்துச் சொல்வதால் இருவருமே சரியாக இருக்கலாம். ஆனால் கேட்டவருடைய தொட்டி எவ்வளவு நீளம், சுவர் எவ்வளவு தடிமன், தளம் உண்டா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. பொருள் பட்டியல் என்பது அளவு குறித்த வரைபடத்திலிருந்து இறங்கி வர வேண்டியது. அது எப்படி இறங்கி வருகிறது என்பதை ஒரே ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டு, அடியிலிருந்து மூடி வரை இக்கட்டுரையில் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

## தொட்டிக்குள் என்ன நடக்கிறது

கலங்கிய ஆற்று நீரைக் குடத்தில் பிடித்து இரவு முழுவதும் அசைக்காமல் வைத்தால், காலையில் மண் அடியில் படிந்திருக்கும், சருகும் தூசியும் மேலே மிதக்கும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். செப்டிக் டேங்க் செய்வதும் இதுவேதான். கழிவில் உள்ள கனமான பொருள் அடியில் படிகிறது, அதைக் கசடு என்கிறோம். எண்ணெயும் லேசான பொருளும் மேலே ஏடாக மிதக்கின்றன. நடுவில் நிற்கும் நீர் மட்டுமே வெளியேறுகிறது. அடியில் தங்கிய கசடைக் காற்று இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைத்துக் குறைக்கின்றன.

அப்படியானால் அறை எதற்கு இரண்டு? கசடு சிதையும்போது வாயுக் குமிழிகள் எழுகின்றன. அவை மேலே ஏறும்போது படிந்த கசடையும் கொஞ்சம் கிளறிவிடுகின்றன. ஒரே அறையாக இருந்தால் இப்படிக் கிளம்பிய துகள்கள் நேராக வெளியேறும் குழாய்க்குள் போய்விடும். நடுவில் ஒரு சுவர் இருந்தால், பெரும்பகுதி கசடு முதல் அறையிலேயே தங்கிவிடும், தப்பி வந்த துகள்கள் அமைதியாக இருக்கும் இரண்டாம் அறையில் மறுபடியும் படியும். முதல் அறையில் வேலை அதிகம் என்பதால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு இடமும், இரண்டாம் அறைக்கு ஒரு பங்கு இடமும் ஒதுக்குவது வழக்கம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தெளிவுபடுத்தியாக வேண்டும், ஏனெனில் பொருள் பட்டியலே இதனால்தான் பல இடங்களில் குறைந்துபோகிறது. செப்டிக் டேங்க் என்பது நீரை மண்ணுக்குள் விடும் குழி அல்ல. நீரை மண்ணுக்குள் விடும் வேலை அதற்கு அடுத்து வரும் உறிஞ்சுகுழியுடையது. செப்டிக் டேங்கின் அடியிலும் சுவரிலும் நீர் கசியவே கூடாது. "அடியில் மண்ணாகவே இருக்கட்டும், தண்ணீர் தானாக இறங்கிவிடும்" என்று தளக் கான்கிரீட்டைத் தவிர்ப்பவர்கள், தொட்டி கட்டவில்லை, நிலத்தடி நீருக்குள் கழிவை விடும் குழியைக் கட்டுகிறார்கள்.

சுருக்கமாக, தொட்டி நீரைத் தேக்கி வைத்துத் தெளிய விடுகிறது. ஆகவே அது கசியாத பெட்டியாக இருக்க வேண்டும், அந்தப் பெட்டிக்கு அடித்தளம், சுவர், பூச்சு, மூடி ஆகிய நான்கும் வேண்டும்.

## எந்த அளவுத் தொட்டி

ஏழு பேர் வாழும் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் கழிவுநீர் என்று கொண்டால், மொத்தம் 1,050 லிட்டர்.

நம் தொட்டியின் உள் அகலம் 1.2 மீட்டர். முதல் அறையின் உள் நீளம் 1.6 மீட்டர், இரண்டாம் அறையின் உள் நீளம் 0.8 மீட்டர். நீர் நிற்கும் ஆழம் 1.2 மீட்டர். நீர் மட்டத்துக்கு மேல் ஏட்டுக்கும் வாயுவுக்கும் 0.3 மீட்டர் காலி இடம். ஆகவே சுவரின் உயரம் 1.5 மீட்டர்.

கொள்ளளவைக் கணக்கிடும்போது 1.5 மீட்டரால் பெருக்கக் கூடாது, நீர் நிற்கும் 1.2 மீட்டரால்தான் பெருக்க வேண்டும். இரண்டு அறைகளின் நீளமும் சேர்ந்து 2.4 மீட்டர், அகலம் 1.2, ஆழம் 1.2. பெருக்கினால் 3.456 கன மீட்டர், அதாவது 3,456 லிட்டர். 1.5 மீட்டரால் பெருக்கினால் 4,320 லிட்டர் என்று வரும். அந்த எண் காலி இடத்தையும் நீராக எண்ணியதால் வந்த பொய்க் கணக்கு. தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு கசடு சேர்ந்த பிறகும் ஏறக்குறைய 2,300 லிட்டர் இடம் மிஞ்சும். அது இந்த வீட்டுக்கு இரண்டு நாள் தேக்கத்துக்கு மேல். அந்த நிலையை எட்டும்போது கசடை அள்ளிவிட வேண்டும்.

சுவர்கள் அனைத்தும் 230 மில்லிமீட்டர் தடிமன், அதாவது எல்லோரும் ஒன்பது அங்குலச் சுவர் என்று சொல்வது. நடுச்சுவரை மட்டும் நாலரை அங்குலமாகக் கட்டிச் செங்கலை மிச்சம் பிடிக்கும் பழக்கம் உண்டு. தொட்டி ஓடும் காலத்தில் இருபுறமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்பதால் நடுச்சுவர் மீது பாரமே இல்லை என்பது அவர்கள் வாதம். அது உண்மைதான், ஆனால் கசடு அள்ளும் வண்டி முதல் அறையை மட்டும் உறிஞ்சி முடிக்கும் அந்தச் சில நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் காலி, மறு பக்கம் நீர் மிச்சம் இருக்கும். நடுச்சுவரில் நீர் கடக்க விடும் திறப்புக்கு மேல் உள்ள நீர் வழிந்து வந்துவிடும் என்றாலும், கீழே நிற்கும் நீர் மெலிந்த சுவரை ஒரு பக்கமாகத் தள்ளும். அதனால் இந்தக் கணக்கில் நடுச்சுவரும் 230 மில்லிமீட்டர்தான்.

இனி வெளி அளவு. நீளத்தில் 1.6, நடுச்சுவர் 0.23, பிறகு 0.8, இரு முனைச் சுவர்கள் 0.46. மொத்தம் 3.09 மீட்டர். அகலத்தில் 1.2 உடன் 0.46 சேர்த்து 1.66 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூடிக்கும் தளத்துக்கும் வெளி அளவு, கொள்ளளவுக்கும் உட்பூச்சுக்கும் உள் அளவு. பட்டியல் பிழையாகப் போவதற்கு இந்த இரண்டையும் மாற்றி எடுப்பதே முதல் காரணம்.

## உலர்ந்த பொருள் ஏன் கூடுதலாக வேண்டும்

ஒரு கூடை நிறையக் கூழாங்கல் போட்டு, அதன் மேல் ஒரு கூடை மணலைக் கொட்டினால் இரண்டு கூடை உயரம் வராது. மணல் கற்களின் சந்துகளுக்குள் இறங்கிவிடும். அதன் மேல் சிமெண்டைப் போட்டால் அது மணலின் சந்துகளுக்குள் இறங்கும். நீர் ஊற்றிக் கிளறி இடித்தால் இன்னும் சுருங்கும்.

ஆகவே ஒரு கன மீட்டர் கெட்டிக் கான்கிரீட் கிடைக்க, சிமெண்டு, மணல், ஜல்லி மூன்றையும் தனித்தனியே அளந்து கூட்டினால் ஏறக்குறைய 1.54 கன மீட்டர் வேண்டும். இதையே உலர்ந்த கனஅளவு என்கிறோம். ஜல்லி இல்லாத சாந்துக்கு இது ஏறக்குறைய 1.33 மடங்கு. சிமெண்டு, மணல், ஜல்லி எத்தனை பங்கு என்று சொல்வது கலவை விகிதம். 1:2:4 என்றால் சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு, ஆக ஏழு பங்கு.

இன்னும் ஓர் எண் மட்டும் தேவை. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்று ஏறக்குறைய 35 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். இனி எல்லாக் கணக்கும் இந்த மூன்று எண்களை வைத்தே ஓடும்.

## அடித்தளம்

தளத்தைச் சுவருக்கு வெளியே நான்கு பக்கமும் 150 மில்லிமீட்டர் நீட்டிப் போட வேண்டும். அப்போதுதான் சுவரின் பாரம் பரவலாக மண்ணில் இறங்கும். ஆகவே தளத்தின் அளவு 3.39 மீட்டருக்கு 1.96 மீட்டர், பரப்பு 6.64 சதுர மீட்டர். குழி இதைவிடச் சற்று அகலமாக இருந்தால்தான் கொத்தனார் வெளிப்பக்கம் நின்று பூச முடியும்.

முதலில் மண்ணின் மேல் 75 மில்லிமீட்டர் கனத்தில் 1:4:8 மட்டக் கான்கிரீட். பி.சி.சி. என்று வேலையிடத்தில் சொல்வது இதைத்தான். இதன் வேலை பாரம் தாங்குவதல்ல, மேலே வரும் நல்ல கான்கிரீட் சேற்றோடு கலந்துவிடாமல் சுத்தமான, சமமான பரப்பைத் தருவது. கனஅளவு 0.5 கன மீட்டர். இதற்குச் சிமெண்டு 1.7 மூட்டை, மணல் 0.24 கன மீட்டர், 40 மில்லிமீட்டர் ஜல்லி 0.47 கன மீட்டர்.

அதன் மேல் 150 மில்லிமீட்டர் கனத்தில் 1:2:4 தளக் கான்கிரீட். 6.64 ஐ 0.15 ஆல் பெருக்கினால் 1.0 கன மீட்டர். இந்த எண் வசதியாக அமைந்திருப்பதால் கணக்கை முழுதாகக் காட்டிவிடுகிறேன். உலர்ந்த கனஅளவு 1.54. அதை ஏழு பங்காக்கினால் ஒரு பங்கு 0.22 கன மீட்டர், அதாவது 220 லிட்டர் சிமெண்டு. மூட்டைக்கு 35 லிட்டர் என்று வகுத்தால் 6.3 மூட்டை. மணல் அதன் இரு மடங்கு 0.44, ஜல்லி நான்கு மடங்கு 0.88 கன மீட்டர். கான்கிரீட் எங்கே வந்தாலும் வழி இதுதான், விகிதம் மட்டும் மாறும்.

மண் இறுகி, நிலத்தடி நீர் தாழ்வாக உள்ள இடத்துக்கு இந்தக் கம்பியில்லாத தளம் போதும். குழி தோண்டும்போதே நீர் ஊறினாலும், மண் சமீபத்தில் நிரப்பிய மண்ணாக இருந்தாலும் தளத்துக்கும் கம்பி வேண்டும், அந்தத் தொட்டிக்கு வேறு வரைபடம் வேண்டும். இந்தப் பட்டியலை அங்கே பயன்படுத்த வேண்டாம்.

## செங்கல்

செங்கல் கணக்கைக் கன மீட்டரில் போடுவதைவிடச் சுவரின் முகத்தைப் பார்த்து எண்ணுவது தொடக்கநிலையாளருக்கு எளிது. 230 நீளம், 110 அகலம், 75 உயரம் மில்லிமீட்டர் உள்ள செங்கலை எடுத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு கல்லைக் குறுக்கே வைத்தால் அதன் நீளமே சுவரின் தடிமன். வெளியிலிருந்து பார்த்தால் 110 அகலமும் 75 உயரமும் உள்ள அதன் முனை மட்டும் தெரியும். சுற்றிலும் 10 மில்லிமீட்டர் சாந்து சேர்த்தால், ஒரு கல் சுவர் முகத்தில் பிடிக்கும் இடம் 120 க்கு 85 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரை இதனால் வகுத்தால் 98 கல். ஒரு வரி நீளவாக்கில் இரண்டிரண்டு கல்லாக வந்தாலும் எண்ணிக்கை கிட்டத்தட்ட இதேதான்.

உங்கள் கைக்கு வரும் கல்லின் அளவு வேறாக இருக்கும். அதன் அகலத்தோடும் உயரத்தோடும் தலா 10 மில்லிமீட்டர் கூட்டி இதே போல வகுத்துக்கொள்ளலாம். குவியலிலிருந்து பத்துக் கற்களை எடுத்து வரிசையாக அடுக்கி, மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுப்பது ஒரு கல்லை அளப்பதைவிட நம்பகமானது.

இப்போது சுவரின் பரப்பு. நீளச் சுவர் இரண்டும் வெளி நீளம் 3.09 மீட்டர், உயரம் 1.5, ஆக 9.27 சதுர மீட்டர். குறுக்குச் சுவர் இரண்டும் உள் அகலம் 1.2 மீட்டர் மட்டும், ஆக 3.6 சதுர மீட்டர். குறுக்குச் சுவருக்கும் 1.66 என்று எடுத்தால் நான்கு மூலைகளையும் இருமுறை எண்ணியதாகிவிடும், நூற்று முப்பது செங்கலுக்கு மேல் வீணாக வாங்க நேரும். நடுச்சுவரின் மேல் 100 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறோம், இரண்டாம் அறையின் வாயுவும் முதல் அறையின் வாயுவும் ஒன்றாகிக் காற்றுக்குழாய் வழியே வெளியேற அது வேண்டும். ஆகவே அதன் உயரம் 1.4, பரப்பு 1.68 சதுர மீட்டர்.

மொத்தம் 14.55 சதுர மீட்டர். 98 ஆல் பெருக்கினால் 1,426. இறக்கும்போதும் வெட்டும்போதும் உடைவது ஐந்து சதவீதம் என்று சேர்த்தால் 1,500 செங்கல்.

செங்கல் நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலித்தால் அது எப்போதும் ஈரத்தில் நிற்கும் சுவருக்கு ஆகாது. கட்டுவதற்கு முன் நீரில் போட்டுக் குமிழி வருவது நிற்கும் வரை ஊற வையுங்கள். உலர்ந்த கல் சாந்தின் நீரைக் குடித்துவிடும், சாந்து இறுகாமல் மாவாக உதிரும், கசிவு அந்த மூட்டுகளில்தான் தொடங்கும்.

## கட்டுமானச் சாந்தும் பூச்சும்

மேலே சொன்ன சுவரின் கனஅளவு 3.35 கன மீட்டர். அதில் செங்கல் பிடித்த இடம் போக மிச்சம் 0.64. கல்லின் மேலுள்ள பள்ளம் நிரம்பவும், சிந்துவதற்கும் சேர்த்து 0.75 என்று வைப்போம். 1.33 ஆல் பெருக்கினால் உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டர். 1:4 சாந்து என்றால் ஐந்து பங்கு. சிமெண்டு 0.2 கன மீட்டர், அதாவது 5.7 மூட்டை. மணல் 0.8 கன மீட்டர்.

பூச்சில்தான் தொட்டியின் கசியாத தன்மை இருக்கிறது. செங்கல் தானாக நீரைத் தடுக்காது. உட்பூச்சு 1:3 விகிதத்தில், இரண்டு கையாக, மொத்தம் 20 மில்லிமீட்டர் கனம். முதல் அறையின் நான்கு சுவர், இரண்டாம் அறையின் நான்கு சுவர், இரு தரைகள் எல்லாம் சேர்த்து 17.3 சதுர மீட்டர். நடுச்சுவரின் இரு முகங்களும் இதில் அடக்கம், அதை மறந்துவிடுபவர்கள் உண்டு. சுவரின் மேடுபள்ளத்துக்கும் சிந்துவதற்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால், இதற்குச் சிமெண்டு 3.9 மூட்டை, மணல் 0.4 கன மீட்டர். வெளிப்பக்கம் 12 மில்லிமீட்டர் 1:4 பூச்சுக்கும் அதே போலச் சேர்த்தால் மேலும் 1.5 மூட்டையும் 0.22 கன மீட்டர் மணலும் ஆகும். வெளிப்பூச்சைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் சுற்று மண்ணின் நீர் உள்ளே நுழைந்து தொட்டியை நிரப்புவதை அதுதான் தடுக்கிறது என்பதால் நான் அதை விடச் சொல்ல மாட்டேன்.

சுவரும் தரையும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் சாந்தால் வளைத்து உருட்டிப் பூச வேண்டும். நுணுக்கமான விரிசல் முதலில் விழும் இடம் அது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால், தளத்துக்கு 8 மூட்டை, சுவருக்கு ஏறக்குறைய 6, பூச்சுக்கு ஏறக்குறைய 5.5. மூடியைத் தொடுவதற்கு முன்பே ஏறக்குறைய இருபது மூட்டை ஆகிவிட்டது.

## மூடிச் சிலாப்

மூடியின் அளவு 3.09 க்கு 1.66 மீட்டர், கனம் 100 மில்லிமீட்டர். ஆட்கள் நடப்பதற்கு இது போதும். மேலே வண்டி ஏறும் இடமானால் இந்தக் கனமும் கம்பியும் போதாது. கனஅளவு 0.51 கன மீட்டர், திறப்பு மூடிகளின் விளிம்பையும் சேர்த்து 0.55. விகிதம் 1:1.5:3, ஜல்லி 20 மில்லிமீட்டர். முன்பு சொன்ன வழியிலேயே, ஐந்தரைப் பங்காக வகுத்தால் சிமெண்டு 4.4 மூட்டை, மணல் 0.23, ஜல்லி 0.46 கன மீட்டர். மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் நீருக்கு மேல் ஊற்றக் கூடாது. கலவை எளிதாக ஓட வேண்டும் என்று நீரைக் கூட்டினால், அந்த நீர் பின்னர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண் துளையாக நிற்கும்.

கம்பி விஷயத்தில்தான் பெரிய குழப்பம். பலகையின் இரு முனைகளையும் கல்லின் மேல் வைத்து நடுவில் ஒருவர் நின்றால் பலகை கீழ்நோக்கி வளையும். அப்போது மேல் முகம் நெருங்கும், அடி முகம் இழுபடும். கான்கிரீட் நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைத் தாங்கக் கம்பி. ஆகவே கம்பி சிலாப்பின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும், அதுவும் குறைந்த தூரமான அகலவாக்கில் முக்கியக் கம்பி ஓட வேண்டும். நீளவாக்கில் முக்கியக் கம்பியைப் போட்டு, அதைக் கான்கிரீட் கொட்டும்போது தூக்கி நடுவில் விட்ட சிலாப்பை நான் பார்த்திருக்கிறேன். கம்பி குறையவே இல்லை, இடம் மட்டும்தான் தவறு, ஆனாலும் நடுவில் நீள விரிசல் ஓடியிருந்தது.

அகலவாக்கில் 10 மில்லிமீட்டர் கம்பி, 150 மில்லிமீட்டருக்கு ஒன்று, 22 கம்பி, ஒவ்வொன்றும் 1.61 மீட்டர். மீட்டருக்கு 0.617 கிலோ என்பதால் 22 கிலோ. நீளவாக்கில் 8 மில்லிமீட்டர் கம்பி, 200 மில்லிமீட்டருக்கு ஒன்று, 9 கம்பி, ஒவ்வொன்றும் 3.04 மீட்டர், மீட்டருக்கு 0.395 கிலோ, ஆக 11 கிலோ. ஒவ்வொரு அறைக்கும் மேலே 600 க்கு 600 மில்லிமீட்டர் மேன்ஹோல் திறப்பு விடுகிறோம். திறப்பு வரும் இடத்தில் நான்கு கம்பிகள் அறுபடுகின்றன. அவற்றின் பாரத்தை ஏற்கத் திறப்பின் இரு பக்கமும் முழு நீளக் கூடுதல் கம்பி வேண்டும். அதற்கும் இரு மூடிகளுக்கும், வெட்டுச் சேதத்துக்கும் சேர்த்தால் மொத்தம் 45 கிலோ, கட்டுக்கம்பி அரைக் கிலோ.

கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் கனத்தை கவர் என்பார்கள். இங்கே அது 25 மில்லிமீட்டர். தொட்டியிலிருந்து எழும் வாயுவில் ஒரு பகுதி ஈரத்தோடு சேர்ந்து அமிலமாக மாறி, மூடியின் அடி முகத்தைத்தான் அரிக்கிறது. கவர் மெலிந்தால் அரிப்பு விரைவில் கம்பியைத் தொட்டுவிடும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். ஆகவே சாந்தில் செய்த கவர் பிளாக்குகளை மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள், ஜல்லித் துண்டை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

சென்ட்ரிங் பலகையைப் பற்றியும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மூடியைத் தொட்டியின் மேலேயே வார்த்தால், அடியில் உள்ள பலகையும் அதைத் தாங்கும் முட்டுக்கட்டைகளும் 600 மில்லிமீட்டர் திறப்பு வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அகலமான பலகை போட்டால் அது உள்ளேயே நின்று மட்கும், குழாயை அடைக்கும். இதைத் தவிர்க்க, சிலாப்பை அகலவாக்கில் ஐந்தாறு துண்டுகளாகத் தரையில் வார்த்து, ஈரம் காத்து இறுகிய பின் தூக்கி வைத்து இணைப்புகளைச் சாந்தால் அடைக்கலாம். பொருள் அளவு ஏறக்குறைய அதேதான், துண்டுகளின் விளிம்புக்குக் கம்பி மட்டும் சிறிது கூடும்.

## குழாய்கள்

இவை பட்டியலில் சிறியவை, ஆனால் இவை இல்லாமல் தொட்டி தொட்டியாக வேலை செய்யாது. உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் T வடிவ இணைப்பான 110 மில்லிமீட்டர் டீ ஒவ்வொன்று. உள்வரும் டீயின் கால் நீர் மட்டத்துக்குக் கீழே 300 மில்லிமீட்டர் இறங்கினால் வரும் வேகம் ஏட்டைக் கலைக்காது. வெளியேறும் டீயின் கால் நீர் ஆழத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 480 மில்லிமீட்டர் இறங்கித் தெளிந்த நீரை மட்டும் எடுக்கும். வெளியேறும் குழாய் உள்வரும் குழாயைவிட 50 முதல் 75 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். நடுச்சுவரில், தரையிலிருந்து 600 மில்லிமீட்டர் உயரத்தில் 150 மில்லிமீட்டர் சதுரத் திறப்பு இரண்டு விட்டால், ஏட்டுக்கும் கசடுக்கும் நடுவே உள்ள நீர் மட்டும் கடக்கும். இவற்றோடு வலை மூடியுடன் ஒரு காற்றுக்குழாய்.

## முழுப் பட்டியல்

மேலே தனித்தனியே வந்தவற்றைக் கூட்டி, சிந்துவதற்கும் மணலின் ஈரத்துக்கும் சற்றுச் சேர்த்தால் இப்படி நிற்கும்.

| பொருள் | கணக்கில் வந்தது | வாங்க வேண்டியது |
|---|---|---|
| செங்கல் | 1,426 | 1,500 |
| சிமெண்டு, 50 கிலோ மூட்டை | 23.5 | 25 |
| மணல் | 2.33 கன மீட்டர் | 2.5 கன மீட்டர் |
| ஜல்லி, 20 மி.மீ. | 1.34 கன மீட்டர் | 1.5 கன மீட்டர் |
| ஜல்லி, 40 மி.மீ. | 0.47 கன மீட்டர் | 0.5 கன மீட்டர் |
| கம்பி, 10 மற்றும் 8 மி.மீ. | 43 கிலோ | 45 கிலோ |
| கட்டுக்கம்பி | | அரைக் கிலோ |
| 110 மி.மீ. டீ | 2 | 2 |

உங்கள் தொட்டி நீளமாக இருந்தால் இந்த எண்களை அதே விகிதத்தில் பெருக்க வேண்டாம். நீளத்தை இரட்டித்தால் கொள்ளளவு இரட்டிக்கும், ஆனால் குறுக்குச் சுவர்களும் நடுச்சுவரும் அப்படியே இருப்பதால் செங்கல் இரட்டிக்காது. அகலத்தைக் கூட்டினால் வேறு சிக்கல்: மூடி தாவ வேண்டிய தூரம் கூடும், 100 மில்லிமீட்டர் கனமும் இந்தக் கம்பியும் போதாமல் போகும். ஆகவே கொள்ளளவு கூடுதலாக வேண்டுமானால் நீளத்தில் கூட்டுங்கள், பிறகு சுவரின் பரப்பை எடுத்து மறுபடி 98 ஆல் பெருக்குங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

சிமெண்டை மட்டும் ஒரே நாளில் முழுதாக இறக்க வேண்டியதில்லை. தளத்துக்கும் சுவருக்கும் 14 மூட்டை முதலில் போதும். மீதியைப் பூச்சு தொடங்கும் நாளில் இறக்கினால் மூட்டைக்குள் கட்டி தட்டாது.

## மண் மூடுவதற்கு முன் ஒரு சோதனை

உட்பூச்சு முடிந்து ஏழு நாள் நீர் தெளித்து ஈரம் காத்த பிறகு, மூடி போடுவதற்கு முன், வெளிச்சுவரைச் சுற்றி மண் நிரப்புவதற்கும் முன், தொட்டியை வெளியேறும் குழாயின் மட்டம் வரை நல்ல நீரால் நிரப்புங்கள். முதல் நாள் மட்டம் சற்று இறங்கும், பூச்சும் செங்கலும் நீரைக் குடிப்பதால் அது இயல்பு. மறுநாள் மறுபடி நிரப்பிச் சுவரில் ஆணியால் ஒரு கோடு கீறி, இருபத்துநான்கு மணி நேரம் விடுங்கள். வெயிலில் ஆவியாவது சில மில்லிமீட்டர்தான். விரற்கடைக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. எங்கே என்பதையும் நீரே காட்டிவிடும்: மட்டம் எந்த உயரத்தில் வந்து இறங்காமல் நிற்கிறதோ, அந்த உயரத்தை ஒட்டித்தான் ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் அது குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடம். அங்கே பூச்சைக் கொத்தி எடுத்து, நனைத்து, 1:3 சாந்தால் மறுபடி அடைத்து, இன்னொரு முறை நிரப்பிப் பாருங்கள். மட்டம் நின்ற பிறகு மண்ணை நிரப்பலாம்.